கொடுபட வேண்டியது

ஆகஸ்ட் 4
அரூரில் தமிழ் மீடியம் படித்த நான் இப்போது பெங்களூரில் இங்கிலீஷ் மீடியம். அதற்குப் பழக்க வைத்த பிரிட்ஜ் கோர்ஸ் இன்றோடு சரி. பத்து நாளும் தன்னறிமுகம், டென்ஸ், ஒரு குரூப் டிஸ்கஷன். சான்றிதழ் கொடுத்தார்கள். கணக்குப் பாடத்துச் சொல் ஒன்றுகூடக் காதில் விழவில்லை.
அப்பா போன் பண்ணினார். "இங்கிலீஷ் பேச வந்துச்சா?"

ஆகஸ்ட் 7
ஜர்னல், நம்ம குறிப்பேடு. லெட்ஜர், பேரேடு. ட்ரயல் பேலன்ஸ், இருப்பாய்வு. ஒவ்வொரு சொல்லுக்கும் மனசு அரூர் வரைக்கும் போய் வருகிறது. திரும்பி வருவதற்குள் மேடம் இரண்டு வரி தாண்டிவிடுகிறார்.

ஆகஸ்ட் 8
அல்சூரில் காலையிலிருந்து தண்ணீர் இல்லை. சித்தியோடு குடம் தூக்கினேன். படிக்கவில்லை.

ஆகஸ்ட் 12
ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் மேடம் "பீயிங்" என்று ஆரம்பித்து ஒரு வரி சொல்கிறார். "பீயிங் குட்ஸ் பாட் ஃபார் கேஷ்." அகராதியில் பார்த்தால் உயிர், இருத்தல் என்று போட்டிருக்கிறது. உயிருள்ள சரக்கா? ஆடு மாடு வியாபாரமா? ராத்திரி பதினொரு மணிக்குத்தான் உறைத்தது: நாங்கள் பள்ளியில் அடைப்புக்குறிக்குள் "ரொக்கத்திற்குச் சரக்கு வாங்கியது" என்று எழுதுவோமே, அந்த விளக்கக் குறிப்பு. பீயிங் வெறும் எழுத்து வழக்கம். இதற்கு ஒரு சாயங்காலம் போயிற்று.

ஆகஸ்ட் 22
டெஸ்ட். பழைய பாடம்தான், இறுதிக் கணக்குகள். இருநிலைக் குறிப்பு இரண்டு பக்கமும் சமமாக வந்தது. சித்திக்கு ஜாங்கிரி வாங்கிப் போனேன்.

ஆகஸ்ட் 26
25க்கு 9.

ஆகஸ்ட் 26, ராத்திரி
எப்படி? சமமாக வந்ததே.

ஆகஸ்ட் 28
மேடம் கூப்பிட்டார். கோலார்க்காரர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாதாம். விடைத்தாளில் ஒரு வரியைத் தொட்டார். இருப்பாய்வில் சம்பளம் 36,000. கீழே சரிக்கட்டுதலில் "Salaries outstanding ₹3,000". நான் அதைத் தொடவே இல்லை. அவுட்ஸ்டாண்டிங் என்றால் எனக்குச் சிறப்பு. பள்ளியில் கோப்பையில் பார்த்த சொல். நல்லா வேலை செய்தவர்களுக்குக் கொடுத்தது, 36,000க்குள்ளேயே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"இந்த மாசச் சம்பளம் இன்னும் குடுக்கல. தமிழ்ல என்னம்மா சொல்வீங்க?"

"கொடுபட வேண்டிய சம்பளம் மேடம்."

"என்ன பண்ணணும்?"

"சம்பளத்தோட கூட்டி 39,000 காட்டணும். அப்புறம் பொறுப்புகள் பக்கம் 3,000." வாய் தானாகச் சொன்னது. பதினோராம் வகுப்பில் முப்பது தடவை போட்ட கணக்கு.

மேடம் பேனாவை மூடினார். "உனக்குக் கணக்கு வருது. சொல்தான் வரல." கன்னட மீடியத்திலிருந்து வந்த ஆறு பேர் இதே வரியில் விழுந்திருக்கிறார்களாம்.

சமமாக வந்ததற்கும் காரணம் சொன்னார். செலவில் 3,000 விட்டதால் லாபம் 3,000 கூடி முதலோடு சேர்ந்தது. பொறுப்பிலும் அதே 3,000 இல்லை. ஒன்றை மட்டும் விட்டிருந்தால் மொத்தம் இடித்திருக்கும், நானே தேடியிருப்பேன். இரண்டையும் விட்டதால் ஒரு தடயமும் இல்லை. ஜாங்கிரியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 29
இன்னொன்றும் கண்டுபிடித்தேன். "ரைட் ஆஃப்" என்றால் எழுது இல்லை. வாராக்கடனைப் போக்கெழுதுவது.

செப்டம்பர் 2
மேடம் எங்கள் ஏழு பேருக்கும் தினம் சாயங்காலம் மறுநாள் பாடத்தின் பத்துச் சொல்லை அனுப்புகிறார். அர்த்தம் போடுவது எங்கள் வேலை, அவரவர் மொழியில். எனக்கு ஒரு சௌகரியம்: தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதே பாடம், அதே கணக்குகள். சித்தி போனில் ஒன்று, என் போனில் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். அகராதி உயிர் என்று சொல்லும் இடத்தில் இது விளக்கக் குறிப்பு என்று சொல்கிறது. கன்னடப் பிள்ளைகளுக்கும் இதுபோல ஒன்று வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 5
இன்று வகுப்பில் அரூர் போகவே இல்லை. "ப்ரீபெய்டு இன்சூரன்ஸ்" என்றதும் கை காப்பீட்டிலிருந்து கழித்துவிட்டது. முன்கூட்டிச் செலுத்தியது என்று மனசு சொல்வதற்கு முன்னாலேயே.

செப்டம்பர் 6
அப்பா அதே கேள்வி. "கேக்க வருதுப்பா" என்றேன். புரியவில்லை அவருக்கு.

செப்டம்பர் 11
எகனாமிக்ஸ். சார் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், பத்திப் பத்தியாக. தேவை விதி எனக்குத் தெரியும். விலை ஏறினால் வாங்குவது குறையும், மற்றவை மாறாதிருந்தால். ஆனால் அந்த "மாறாதிருந்தால்" என்பதை ஒரு ஆங்கில வாக்கியத்துக்குள் எங்கே வைப்பது? கணக்கில் சொல் தெரிந்தால் எண்கள் தாங்கிப் பிடிக்கும். இங்கே பிடிக்க ஒன்றுமில்லை. பத்துச் சொல் பட்டியல் இதற்கு ஆகாது. மாதிரி விடை ஒன்றை எடுத்து, வரி வரியாகப் பிரித்து, எந்த வரி எதற்கு என்று யாராவது உட்கார்ந்து காட்ட வேண்டும். சாரிடம் கேட்கலாமா? எழுபது பேர் வகுப்பு. கேள்வியை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன், நான்கு தடவை அடித்து.

செப்டம்பர் 12
கேட்கவில்லை.

செப்டம்பர் 15
திங்கட்கிழமை எகனாமிக்ஸ் டெஸ்ட்.