சாந்தே சொல்லும் நேரம்

ஏப்ரல் 19, ஞாயிறு

கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசித்துவிட்டார்கள். சாமியார் என் பெயரைச் சொன்னதும் முன் பெஞ்சில் இருந்த தலைகள் திரும்பின. என் பக்கம் இல்லை, இன்னும் கல்யாணமாகாத அக்கா பக்கம். அவள் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 22, புதன்

வரவேற்பில் யார் என்ன பேசுவது என்று சித்தப்பா பாரிஸிலிருந்து போனில் ஒழுங்குபடுத்துகிறார். கேக் வெட்டியதும் அவர் எழுந்து எங்கள் இருவருக்காக டோஸ்ட் சொல்வார், கிளாஸைத் தூக்கி "சாந்தே" என்று, பிரெஞ்சில் ஆரோக்கியத்துக்கு என்று அர்த்தம். அப்போது எல்லோரும் குடிக்கலாம், நாங்கள் மட்டும் குடிக்கக் கூடாது. தனக்குச் சொல்லும் டோஸ்ட்டுக்குத் தானே குடிப்பது அழகில்லையாம். அப்புறம் நாங்கள் பதில் சொல்ல வேண்டும், அதுதான் என் முறை. "மாப்பிள்ளை சுருக்கமா முடிச்சுக்கட்டும், வீட்டைப் பத்தி நீ பேசு. கிளாஸைத் தூக்கும்போது கண்ணைப் பார்த்துத் தூக்கணும், கீழே பார்த்தா நம்மாளுங்க கூட சிரிப்பாங்க" என்றார்.

கண்ணைப் பார்த்து. யார் கண்ணை?

ஏப்ரல் 23, வியாழன்

அத்தை வந்திருந்தாள். "எனக்காக வழிவிட்ட அக்காவுக்கு நன்றின்னு ஒரு வரி போடு, சபைக்கு நல்லா இருக்கும்" என்கிறாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அந்த வரி மைக்கில் போனால், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவள் நகர்ந்துகொண்ட மாதிரி ஆகிவிடும். அவள் எங்கும் நிற்கவில்லை. தியாகம், பெருந்தன்மை, பெரிய மனசு எல்லாவற்றுக்கும் இதே கோளாறு. புகழ்வது போலத் தெரியும், கேட்பவர்களுக்கோ அவளுக்கு என்ன குறை என்று யோசிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

"அடுத்து அக்கா கல்யாணத்துல சந்திப்போம்" என்பதும் வேண்டாம். அது வாழ்த்து இல்லை, ஊர் முன்னால் வைத்து நீட்டுகிற பில்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இரண்டாம் ஓலை. வெயில்.

ஏப்ரல் 28, செவ்வாய்

பேசாமலே விட்டுவிடலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். அப்பாவுக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, மாமியார் வீட்டுக்கு நன்றி, முடிந்தது. ஆனால் அக்கா பெயரே வராவிட்டால் சபை அதையும் கவனிக்கும். அவளைப் பற்றிப் பேசினால் பரிதாபம் என்பார்கள், பேசாவிட்டால் மனஸ்தாபம் என்பார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் கேக் சாப்பிடுவதைவிட இதைக் கணக்கெடுப்பதில் கெட்டிக்காரர்கள்.

அப்படியென்றால் பேச வேண்டும், ஆனால் மூத்தவள் என்பதற்காகப் பேசக் கூடாது. அவளைப் பற்றி, அவளுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு விஷயம் போதும். கல்யாணம் என்ற சொல் அந்த வரிகளின் பக்கத்திலேயே வரக் கூடாது.

பேச்சில் எந்த இடத்தில் வைப்பது என்பது தனிக் கவலை. கடைசியில் வைத்தால் பேச்சே அவளுக்காக என்று ஆகிவிடும், நானூறு பேரும் அவள் மேஜையைத் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் வைத்தால் ஏதோ சமாதானம் சொல்ல வந்தது போலிருக்கும். நடுவில், அம்மாவுக்கு அப்புறம், மாமியார் வீட்டுக்கு முன்.

மே 1, வெள்ளி

தானே புயல்! இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலை. அப்பா கதவுக்கு மேஜையை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார், அம்மா ஜெபமாலை. கரண்ட் இல்லை. நான் கட்டிலுக்கு அடியில். அக்கா பக்கத்தில் படுத்துக்கொண்டு வெளியே கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் பெயர் சொன்னாள். "அது முருங்கை. அது பக்கத்து வீட்டு ஓடு. இது நம்ம மாமரம்... இல்ல, கிளைதான்." பெயர் தெரிந்ததும் சத்தம் சின்னதாகிவிட்டது. விடிந்து பார்த்தால் அவள் சொன்னதில் பாதி தப்பு. முருங்கை அப்படியே நின்றது, மாமரம்தான் போயிருந்தது.

இது போதும். இதில் யாருக்கு என்ன வயது, யாருக்கு என்ன ஆகவில்லை என்ற பேச்சே இல்லை. சிரிக்கவும் ஓர் இடம் இருக்கிறது. சபையில் அந்தப் புயலைப் பார்த்த, மாப்பிள்ளை வீட்டுக் கடலூர்க்காரர்களும் இருப்பார்கள், அவர்களுக்கும் சேரும்.

மே 3, ஞாயிறு

மூன்றாம் ஓலை. தடை சொல்ல யாரும் இல்லை.

மே 5, செவ்வாய்

அவளிடம் காட்டிவிட்டேன். மேடையில் ஆச்சரியப்படுத்துவது மற்றவர்களுக்கு வேண்டுமானால் சரி, இந்த விஷயத்தில் சரியில்லை. மைக் பிடித்த பிறகு அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இப்போது முடியும்.

தாளை வாங்கி நின்றபடியே படித்தாள். "என்னோட அம்மா மாதிரி" என்ற வரியை அடித்தாள். "உனக்கும் எனக்கும் நாலு வருஷம்தான், என்னைக் கிழவியாக்காத." அப்புறம், "மேடைக்குக் கூப்பிடாத. முருங்கை இருக்கட்டும்."

அவ்வளவுதான். போய்த் துணி காயப்போட்டாள். அவள் மனசில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

அவள்தான் எனக்குச் சாட்சிக் கையெழுத்தும் போடுகிறாள். அத்தைக்கு அதில் ஒரு முணுமுணுப்பு. சாமியாரிடம் கேட்டோம், இரண்டு சாட்சிகள் வேண்டும், மணமானவரா இல்லையா என்பதெல்லாம் கணக்கில்லை என்றுவிட்டார்.

மே 7, வியாழன்

நிகழ்ச்சித் தொகுப்பாளரிடம் அக்கா பெயர் வருகிற இடத்தில் நீங்கள் எதுவும் சேர்க்க வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். "ஜாலியா ஒரு பஞ்ச்" என்று இழுத்தார். ஜாலி வேண்டாம் என்றேன். நான் எழுதுகிற வரியைவிட அவர் வாயில் வரக்கூடிய வரிதான் பயமாக இருக்கிறது.

ஒயின் கொஞ்சம்தான். கடலூர் பக்கத்தவர்கள் பலர் தொடமாட்டார்கள், அவர்களுக்குத் திராட்சை ஜூஸ். நிறம் ஒன்றாக இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

மே 9, சனி

கடைசி வடிவம். சத்தமாகப் படித்தால் மூன்று நிமிடத்துக்குள் வருகிறது. அக்கா பகுதி இது:

"தானே புயல் அன்னிக்கு எங்க அக்கா கட்டிலுக்கு அடியில என் பக்கத்துல படுத்துக்கிட்டு, விழுற ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லிக்கிட்டே இருந்தா. பாதி தப்பு. முருங்கை விழுந்துடுச்சுன்னா, அது இன்னும் காய்க்குது. ஆனா அன்னிக்கு நான் பயப்படல. இப்பவும் எதுக்காவது பயமா இருந்தா முதல்ல அவளுக்குத்தான் போன் பண்றேன், அவ தப்பா சொன்னாலும் பரவாயில்ல. அப்பா, அம்மா, அக்கா, நான் வளர்ந்த இந்த வீட்டுக்காக, சாந்தே."

கிளாஸ் வீட்டுக்காகத்தான். அவளுக்கென்று தனியாகத் தூக்கினால் அவள் அந்தக் கூட்டத்தில் தனியாகிவிடுவாள். இதற்காக மாமியார் வீட்டு நன்றியை முன்னால் கொண்டுவர வேண்டியதாயிற்று. அக்காவை நடுவில் வைக்கிற திட்டம் போச்சு. ஆனால் கடைசியில் அப்பா அம்மாவும் கூடவே வருவதால் பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

மே 11, திங்கள்

மூன்று மணிக்கே விழிப்பு. மருதாணி நன்றாகப் பிடித்திருக்கிறது. தாள் அக்காவின் பையில்.

மே 12, செவ்வாய்

சொன்னேன்.

தொகுப்பாளர் வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் நான் "எங்க அக்கா" என்றதும் முன் வரிசையிலிருந்து ஒரு மாமா, "அடுத்து பெரியவளுக்குத்தான்!" என்று குரல் கொடுத்தார். கொஞ்சம் சிரிப்பு. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை, பதிலும் சொல்லவில்லை, ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். முருங்கைக்குச் சபை சிரித்த சிரிப்பில் அவருடையது அமுங்கிவிட்டது. கடலூர் மேஜையிலிருந்து யாரோ "எங்க பலா மரமெல்லாம் போச்சும்மா!" என்றார்கள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

கிளாஸைத் தூக்கியபோது அப்பாவைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவள் கையில் ஜூஸா ஒயினா, தெரியவில்லை.

மே 14, வியாழன்

கடலூர். பை இன்னும் பிரிக்கவில்லை. அக்காவிடமிருந்து போன். சித்தப்பாவுக்குக் கொடுத்தனுப்ப வைத்திருந்த ஊறுகாய் மறந்துபோச்சாம், அம்மா புலம்புகிறாளாம், விருந்தில் மீன் வறுவல் ஆறிப்போயிருந்ததாம். பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.