அட்டைப்பெட்டியைத் தூக்க எவ்வளவு வெற்றிடம் போதும்?

கண்ணாடித் தகட்டைத் தூக்கும் ரோபோவுக்குச் செய்யும் கணக்கையே அட்டைப்பெட்டி தூக்கும் ரோபோவுக்கும் செய்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. எடையைப் பார்த்து, சக்‌ஷன் கப்பின் பரப்பைப் பார்த்து, பம்பின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் உச்ச வெற்றிட அளவை அந்தப் பரப்போடு பெருக்கிப் பார்த்தால், எடைக்கு வேண்டிய விசை தாராளமாகவே வரும். ஆனால் அந்த உச்ச அளவு, காற்று எங்கும் கசியாதபோது மட்டுமே கிடைப்பது. அட்டையோ கப் படிந்திருக்கும் நேரம் முழுவதும் கசிந்துகொண்டே இருக்கும் பொருள். ஆகவே அட்டைப்பெட்டிக்கு பம்ப் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது, அது எவ்வளவு ஆழமாக இழுக்கும் என்பதை அல்ல. கசிவு இருக்கும்போதே நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் காற்றை வெளியேற்றும் என்பதைத்தான்.

ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்கூடத்தின் பேக்கிங் பிரிவில் இதை முழுமையாக அளந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே 5 கிலோ வரை தூக்கும் சிறிய ரோபோ கை ஒன்று, டேப் ஒட்டி மூடிய தட்டையான பெட்டிகளைக் கன்வேயரிலிருந்து எடுத்து பேலட்டில் அடுக்க வேண்டும். பெட்டி 300 மில்லிமீட்டர் நீளம், 220 அகலம், 60 உயரம். உள்ளே பொருளோடு 2.4 கிலோ. ரோபோவின் மணிக்கட்டில் பொருத்திய பிடிப்பான் ஏறக்குறைய ஒரு கிலோ என்பதால் மொத்தச் சுமை கையின் வரம்புக்குள்ளேயே இருந்தது. பிடிப்பானில் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெல்லோஸ் கப்புகள் நான்கு. அவற்றுக்கு நிமிடத்திற்கு 15 லிட்டர் தள்ளும், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட 80 கிலோபாஸ்கல் வரை கீழே வெற்றிடம் தரும் சிறிய டயாஃப்ரம் பம்ப். பெட்டி மேலே எழும்பும். ஆனால் கை வேகமெடுத்துப் பக்கவாட்டில் திரும்பும்போது நழுவி விழும். மெயின்டெனன்ஸ் பொறுப்பாளர் முதலில் சொன்னதே மிகச் சரியான தடயமாக இருந்தது: “சார், கண்ணாடி மேல வெச்சா நாலு கப்பும் விடவே மாட்டேங்குது. பெட்டின்னாதான் நழுவுது.” கண்ணாடியில் பிடித்து அட்டையில் நழுவினால் கப்பிலோ இணைப்புகளிலோ பழுது இல்லை, பம்ப் தள்ளும் காற்று அட்டையின் கசிவுக்குப் போதவில்லை என்றே பொருள்.

முதலில் தேவையான விசையைக் கணக்கிட்டோம். கப்புகள் பெட்டியின் மேல்முகத்தில் படிந்து, பெட்டி கிடைமட்டமாக நகரும்போது எடையோடு வேகமாற்றத்தையும் தாங்க வேண்டும். பக்கவாட்டு வேகமாற்றத்தைக் கப்புக்கும் அட்டைக்கும் இடையிலான உராய்வுதான் தாங்குகிறது என்பதால் சூத்திரத்தில் அது உராய்வு எண்ணால் வகுபடுகிறது:

F = m × (g + a/μ) × S

இங்கே m 2.4 கிலோ, a என்ற வேகமாற்றம் 5 m/s², உராய்வு எண் μ 0.5, காற்று ஊடுருவும் பொருள் என்பதால் பாதுகாப்புக் காரணி S 2. பாதுகாப்புக் காரணி இல்லாமலே தேவை 47.5 நியூட்டன், அதைச் சேர்த்தால் 95 நியூட்டன். நான்கு கப்புகளுக்குப் பங்கிட்டால் கப்புக்கு ஏறத்தாழ 24 நியூட்டன். பெட்டி அசையாமல் தொங்குவதற்கு மொத்தம் 23.5 நியூட்டன் போதும் என்பதையும் கவனிக்க வேண்டும். மேலே எழும்பும் பெட்டி திரும்பும்போது மட்டும் ஏன் விழுகிறது என்பதற்கு விடை இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் இருக்கிறது.

அடுத்தது கசிவை அளப்பது. இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. போதாத அந்தச் சிறிய பம்பே நல்ல அளவுகோலாகிவிடும். மூன்று கப்புகளின் இணைப்பை அடைத்துவிட்டு, நான்காவது கப்பின் கழுத்துக்கு அருகிலேயே ஒரு வேக்குவம் கேஜை இணைத்து, அன்றாடம் ஓடும் பெட்டியின் மேல் வைத்தோம். முள் 35 கிலோபாஸ்கலில் நின்றது. இத்தகைய பம்பின் காற்றளவு, வெற்றிடம் ஏற ஏறத் தோராயமாக நேர்கோட்டில் குறைந்து, உச்ச வெற்றிடத்தில் சுழியாகும். 35 கிலோபாஸ்கலில் அது நிமிடத்திற்கு 8.4 லிட்டர்தான் தள்ளும். முள் அசையாமல் நிற்பதால் அட்டை வழியே உள்ளே வருவதும் அதே 8.4 லிட்டர்தான். கசிவும் வெற்றிடமும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் மாறும் என்று கொண்டால், இது ஒவ்வொரு கிலோபாஸ்கலுக்கும் 0.24 லிட்டர்.

இந்த ஓர் எண் கிடைத்துவிட்டால் மற்றவை தாமாக வந்துவிடும். நான்கு கப்புகளும் சேர்ந்து கசியும்போது பம்ப் தள்ளும் அளவும் கசியும் அளவும் சமமாகும் இடம் 13 கிலோபாஸ்கல். 40 மில்லிமீட்டர் கப் அழுந்திய நிலையில் உண்மையில் பிடிக்கும் விட்டம் 35 மில்லிமீட்டர்தான். அந்தப் பரப்பில் 13 கிலோபாஸ்கல் நான்கு கப்புகளுக்குமாகத் தரும் விசை ஏறக்குறைய 50 நியூட்டன். தேவையான 47.5-ஐ அது மயிரிழையில் தாண்டுகிறது. சற்றே மடிப்பு விழுந்த பெட்டியோ, கொஞ்சம் மட்டமான காகிதத்தில் செய்த பெட்டியோ வந்தால் அந்த மயிரிழையும் போய்விடும். அன்று பார்த்த நழுவலுக்கும் இந்தக் கணக்குக்கும் இருந்த பொருத்தம் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

இந்த நிலையில் இயல்பாக எழும் யோசனை, இன்னும் ஆழமாக இழுக்கும் பம்பை வாங்கிச் சிறிய கப்புகளைப் போடலாம் என்பது. கப்புக்கு 24 நியூட்டன் வேண்டுமென்றால் 60 கிலோபாஸ்கலில் 22 அல்லது 23 மில்லிமீட்டர் விட்டம் போதும். 25 கிலோபாஸ்கலில் 35 மில்லிமீட்டர் வேண்டும். இரண்டும் ஒரே விசையைத் தருவதால் எதைத் தேர்ந்தாலும் ஒன்றே என்று தோன்றும். ஆனால் அட்டையை ஊடுருவி வரும் கசிவு பரப்பையும் வெற்றிடத்தையும் பெருக்கிய அளவைச் சார்ந்தது. அந்தப் பெருக்கல்தான் விசையும். ஆகவே விசை ஒன்றானால் ஊடுருவும் கசிவும் ஏறக்குறைய ஒன்றே. கப்பின் விளிம்பைச் சுற்றி நுழையும் காற்றோ சுற்றளவையும் வெற்றிடத்தையும் பெருக்கிய அளவைச் சார்ந்தது என்பதால் பெரிய கப், குறைந்த வெற்றிடம் என்ற ஏற்பாட்டில் அது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இதைவிடப் பெரிய வேறுபாடு பம்பில் இருக்கிறது. 80 கிலோபாஸ்கல் பம்ப் 25-இல் ஓடும்போது தன் காற்றளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கையில் வைத்திருக்கும். 60-இல் ஓடும்போது கால் பங்குதான் மிஞ்சும்.

எங்கள் பெட்டிக்கு 25 கிலோபாஸ்கலில் நான்கு கப்புகளின் கசிவு நிமிடத்திற்கு 24 லிட்டர். காகிதத்தின் தரம் லாட்டுக்கு லாட் மாறும் என்பதால் அதை இரட்டித்து 48 லிட்டர் என்று கொண்டோம். அந்த 48 லிட்டரை 25 கிலோபாஸ்கலில் தள்ள, வெற்றிடமே இல்லாதபோது 70 லிட்டர் தள்ளும் பம்ப் போதும். சிறிய கப்புகளோடு 60 கிலோபாஸ்கலில் அதே வேலையைச் செய்ய 190 லிட்டருக்கு மேல் தேவைப்படும். ஆகவே கப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, மணிக்கு 4 கன மீட்டர், அதாவது நிமிடத்திற்கு 67 லிட்டர் தரும் எண்ணெயில்லா வேன் பம்ப் ஒன்றைத் தேர்ந்தோம். இரட்டித்த கையிருப்பு இருப்பதால் அந்த மூன்று லிட்டர் குறைவு பொருட்டல்ல. கம்ப்ரஸ்டு ஏரில் ஓடும் எஜெக்டரும் இதைச் செய்யும். ஆனால் வேண்டிய வெற்றிடத்தை எட்டியதும் காற்றை நிறுத்திச் சிக்கனம் செய்யும் அதன் வசதி, விடாமல் கசியும் அட்டையில் பயன் தராது. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும்.

காற்றளவு கூடும்போது குழாயையும் மாற்றியாக வேண்டும். பழைய இணைப்பில் வெளிவிட்டம் 4 மில்லிமீட்டர் இருந்த குழாயின் உள்துளை 2.5 மில்லிமீட்டர்தான். குறைவாகக் காற்று ஓடும்போது அதில் இழப்பு தெரியாது. அதிகம் ஓடும்போது, கப்புகளுக்குக் குழாய்கள் பிரியும் மேனிஃபோல்டில் இருக்கும் கேஜ் நல்ல எண்ணைக் காட்டும், கப்புக்குள்ளோ வெற்றிடம் இருக்காது. கேஜை எப்போதும் கப்பின் கழுத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கப்புகளுக்கு 8 மில்லிமீட்டர் குழாயும், பம்பிலிருந்து வரும் பொதுவழிக்கு 12 மில்லிமீட்டர் குழாயும் போட்டோம். ஒரு கப் விலகித் திறந்துகொண்டால் மற்றவை இழக்காமலிருக்கக் கப்புதோறும் குறுந்துளை வைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் கசியும் அட்டையில் அந்தத் துளையே வெற்றிடத்தைத் தின்றுவிடும் என்பதால் இங்கே அதைத் தவிர்த்தோம்.

கப்பை எங்கே வைப்பது என்பதற்கு நெளி அட்டையின் உள்ளமைப்பு வழி சொல்கிறது. காற்று அட்டையின் முழுத் தடிமனையும் கடந்து வருவதில்லை. மேல் காகிதத்தை மட்டும் கடந்து நெளிவுக் குழல்களுக்குள் புகுந்து, அட்டையை வெட்டிய விளிம்பில் அக்குழல்கள் திறக்கும் வாய்களிலிருந்து வருகிறது. வழக்கமான பெட்டியில் நெளிவுகள் உயரத்தின் போக்கில் ஓடும். ஆகவே மேல்மடிப்பில் அவை மடிக்கும் கோட்டிலிருந்து நடுவிலுள்ள இடைவெளியை நோக்கி ஓடி அங்கே திறக்கின்றன. இடைவெளியின் மேல் டேப் ஒட்டியிருந்தாலும் பெட்டிக்குள் இருக்கும் காற்று அந்த வாய்கள் வழியே வரும். கப்புகளை நடுவை விட்டுத் தள்ளி, மையம் மடிப்புக் கோட்டிலிருந்து 35 மில்லிமீட்டரில் இருக்குமாறு நகர்த்தியபோது கேஜின் முள் தெளிவாக ஏறியது. தூக்கும்போது மேல்மடிப்பு உப்பிக்கொண்டு எழுவதும் குறைந்தது, ஏனெனில் மடிப்புக் கோட்டுக்குக் கீழே சுவர் தாங்கி நிற்கிறது.

வேக்குவம் ஸ்விட்ச்சை 20 கிலோபாஸ்கலில் அமைத்தோம். பம்பின் உச்ச அளவை நினைத்து 60 என்று வைத்திருந்தால், நன்றாகப் பிடித்த பெட்டியையும் பிடிக்கவில்லை என்று சொல்லி ரோபோ நின்றுகொண்டே இருக்கும். 20-இல் பாதுகாப்புக் காரணி ஏறக்குறைய 1.6, அதற்குக் கீழே போனால் கை வேகமெடுக்கக் கூடாது. அட்டைத் தூசி வடிகட்டியை அடைக்கும்போது இதே ஸ்விட்ச்தான் முதலில் குறை சொல்லும். அப்போது பம்பருகே உள்ள கேஜ் உயர்ந்தும் கப்பருகே உள்ளது தாழ்ந்தும் இருந்தால் வடிகட்டியைச் சுத்தம் செய்யலாம். இரண்டும் தாழ்ந்திருந்தால் கப்பின் உதடு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொரசொரப்பான அட்டை ரப்பர் உதட்டை விரைவில் தேய்த்துவிடும். பாலியூரிதேன் கப் அதிக நாள் தாங்குகிறது.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. கசிவு இன்னும் இரண்டு மூன்று மடங்கு கூடினால், 15 கிலோபாஸ்கல் அளவில் ஏராளமான காற்றைத் தள்ளும் ப்ளோவரும் அதற்கேற்ற பெரிய கப்புகளும் வேண்டும். ப்ளோவருக்கு வேண்டிய தடித்த குழாயை இந்த அளவு ரோபோவின் மணிக்கட்டு இழுத்துச் சுமப்பது சிரமம். அத்தகைய பெட்டிகள் வந்தால் சக்‌ஷனை விட்டுவிட்டு, அடியில் தாங்கும் முள்கரங்களுக்கு மாறுவதையே நான் பரிந்துரைப்பேன்.