பச்சைப் புள்ளி எதைப் பார்த்துப் பச்சையானது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் தரவு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிறு விவசாயிகளிடமிருந்து பச்சைத் தேயிலை வாங்கும் 14 மையங்களிலும் எடை போட்ட உடனே கைக்கருவியில் ரசீது பதிவாகிவிடும். அந்த ரசீதுகளைக் கூட்டித்தான் மாலையில் டேஷ்போர்டில் மொத்த எடை காட்டுவோம். லாரி வந்து சேர்வதற்கு முன்பே, இலையை வாட்ட எத்தனை ட்ரஃப் வேண்டும், இரவு ஷிஃப்டுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று லீஃப் ஆபீசர் அதை வைத்தே முடிவெடுப்பார்.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பேட்ஜ் இருக்கும். அன்றைய தானியங்கிச் சோதனைகள் எல்லாம் தேறினால் பச்சை, ஏதாவது தவறினால் சிவப்பு. ஐப்பசி மழையில் ஒரு நாள் மூன்று மையங்களில் நெட்வொர்க் போய்விட்டது. ரசீதுகள் கைக்கருவியிலேயே தங்கிவிட்டன. டேஷ்போர்டு காட்டியது 9,200 கிலோ. பேட்ஜ் பச்சை, '12 சோதனை, 12 சரி'. இரவு லாரியில் வந்து இறங்கியது 12,000 கிலோவுக்கு மேல். "பச்சையா இருக்கேன்னு நம்பித்தானே தம்பி ஆளை வீட்டுக்கு அனுப்பினேன்" என்றார் லீஃப் ஆபீசர். அவர் நம்பியதில் தவறே இல்லை. நம்புவதற்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறோம்.

இத்தனைக்கும் சோதனைகள் ஒன்றும் பழுதாகவில்லை. எடை காலியாக இருக்கிறதா, ரசீது எண் இரண்டு முறை வந்திருக்கிறதா, விவசாயி எண் பட்டியலில் உள்ளதா என்று எல்லாமே வந்த வரிகளை மட்டும் பார்ப்பவை. இப்படிப்பட்ட சோதனை பெரும்பாலும் தவறான வரிகளைத் தேடும் ஒரு வினவல்தான். ஒன்றும் கிடைக்காவிட்டால் தேறியதாகக் கணக்கு. அன்றைக்கு ஒரு ரசீதுகூட வராமல் அட்டவணை காலியாகக் கிடந்தாலும் இந்தச் சோதனைகள் அத்தனையும் தேறிவிடும். தரவு குறையக் குறைய, தவறு கண்ணில் படும் வாய்ப்பும் குறைகிறது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இதுதான்.

வராத தரவைப் பிடிக்க வேண்டுமானால், வந்திருக்க வேண்டியது எது என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். கடந்த வாரச் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று முதலில் தோன்றும். மலையில் அது சரிவராது. ஞாயிறு இலை இருக்காது, மழை நாளில் பறிப்பு குறையும், உறைபனி விழுந்த பிறகு வாரக்கணக்கில் வரத்து சரியும். அதனால் இன்று திறந்திருக்கும் மையங்கள் எவை என்று காலையிலேயே அலுவலகத்தில் குறித்துவிடுகிறோம். சோதனை அதிலிருந்து தொடங்குகிறது:

```sql
select c.centre_id
from centres_open_today c
left join leaf_receipts r
  on r.centre_id = c.centre_id
 and r.receipt_date = current_date
where r.centre_id is null
```

தேதி நிபந்தனை `on` பகுதியில் இருப்பதைக் கவனியுங்கள். அதை `where`க்குக் கொண்டுபோனால் ரசீதே இல்லாத மையம் முடிவிலிருந்து விழுந்துவிடும், சோதனை மறுபடியும் எல்லாவற்றையும் தேற்றிவிடும். மதியம் வரை அனுப்பிவிட்டுப் பிறகு நின்றுபோன மையத்தை இதுவும் பிடிக்காது. அதற்காக ஒவ்வொரு மையத்தின் கடைசி ரசீது நேரத்தையும் தனியாகப் பார்க்கிறோம்.

பேட்ஜிலும் இரண்டு மாற்றம் செய்தோம். ஒன்று, சாம்பல் நிறம். சோதனை ஓடவில்லை என்றாலோ, ஓடி நேரமாகிவிட்டது என்றாலோ சாம்பல். இதை டேஷ்போர்டு திறக்கும் நேரத்தில் டேஷ்போர்டே கணக்கிட வேண்டும். சோதனையை ஓட்டும் நிரலிடம் இந்தப் பொறுப்பை விட்டால், அது நின்றுபோன அன்று நிறத்தை மாற்ற ஆளே இருக்காது, நேற்றைய பச்சை அப்படியே நிற்கும். இன்னொன்று, எத்தனை சோதனை தேறின என்பதை வைத்து நிறம் போடுவதை விட்டுவிட்டோம். எடையைத் தொடும் சோதனை ஒன்று தவறினாலும் சிவப்பு. விவசாயியின் போன் எண் விடுபட்டால் மஞ்சள் போதும்.

இப்போது பேட்ஜில் '6:10 மணி நிலவரம், 14 மையங்களில் 11' என்று எழுத்திலேயே வருகிறது. அதைத் தொட்டால் விடுபட்ட மையங்களின் பெயர் வரும். லீஃப் ஆபீசர் அந்த மையங்களுக்குப் போன் போட்டு எடையைக் கேட்டுவிட்டுத்தான் ஆள் கணக்குப் போடுகிறார்.

எடையே தவறாக இருந்தால், உதாரணமாகச் சாக்கின் எடையைக் கழிக்காமல் பதிந்திருந்தால், இந்தச் சோதனைகள் எதிலும் தெரியாது. தொழிற்சாலையில் மறுபடி போடும் எடையோடு மையத்தின் எடையை ஒப்பிட்டால்தான் தெரியும். ஆனால் வழியில் ஈரம் வடிவது வெயில் நாளில் ஒரு மாதிரி, மழை நாளில் ஒரு மாதிரி. எவ்வளவு வித்தியாசம் வரை இயல்பு என்று இரண்டையும் தனித்தனியே எழுதி வருகிறோம். அது தெளியும்வரை அந்தச் சோதனையைப் பேட்ஜோடு சேர்க்கப்போவதில்லை.