பூ நிறைய, பிஞ்சு நிற்கவில்லை: மாடி எலுமிச்சைக் கணக்கு

மதுரை வெயிலில், மொட்டை மாடியில், 20 லிட்டர் பெயின்ட் வாளியில் நிற்கிற நான்கு வயது எலுமிச்சை. போன மாசியில் இலை தெரியாத அளவுக்குப் பூத்தது. பிஞ்சுகள் மிளகு அளவு வந்ததும் ஒவ்வொரு காலையும் வாளியைச் சுற்றிக் கொட்டிக்கிடக்கும்.

"தேனீ வரலை, அதான்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சரி, பார்த்துவிடலாம் என்று அடுத்த பூப்பில் இரண்டு கிளைகளில் நூல் கட்டினேன். ஒன்றில் மட்டும் தினமும் காலை தூரிகையால் மகரந்தம் தடவினேன். இரண்டிலும் தலா 40 பூ. சில பூக்களில் நடுவே இருக்க வேண்டிய பச்சைக் குமிழே இல்லை. அவை ஆண் பூக்கள், அப்படியே உதிர்ந்தன. மற்றவற்றில் இரண்டு கிளைகளிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் பிஞ்சு பிடித்தது. எலுமிச்சை தன் மகரந்தத்திலேயே காய்க்கும் மரம்தானே. தூரிகையை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பூ பிஞ்சாகாமலே விழுந்தால் மகரந்தத்தைச் சந்தேகிக்கலாம். என்னுடையவை பிஞ்சாகி, கொஞ்சம் பருத்த பிறகு விழுந்தன. அப்படியென்றால் மரத்தால் அவற்றைத் தாங்க முடியவில்லை.

தினமும் தண்ணீர் ஊற்றுகிறேனே என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஊற்றிய கையோடு மண்ணைத் தோண்டினால், நாலு விரல்கடை ஆழத்தில் தூசி! வாளி மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை லேசில் வாங்காது. மண் சுருங்கி வாளி ஓரத்தில் விட்டிருந்த இடைவெளி வழியாக எல்லாம் கீழே ஓடியிருக்கிறது. வாளியடியில் ஈரம் வழிந்ததைப் பார்த்து நானும் ஏமாந்திருக்கிறேன்.

வாளியை அகலமான தொட்டித் தண்ணீரில் ஒரு மணி நேரம் இறக்கி வைத்தேன். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிட்டேன். அப்புறம் ஓர இடைவெளியை மண்ணால் அடைத்து, மேலே காய்ந்த இலைகளைப் பரப்பி, காலையில் ஊற்றுவதை இரண்டு தவணையாகப் பிரித்தேன். பத்து நிமிட இடைவெளி போதும்; முதல் தவணையில் நனைந்த மண் இரண்டாவதை உறிஞ்சிக்கொள்கிறது.

இன்னொரு தப்பும் என்னுடையதுதான். பூத்த சந்தோஷத்தில் வாரம் ஒருமுறை கடலைப்புண்ணாக்குக் கரைசல் ஊற்றியிருந்தேன். தழைச்சத்து கூடி, பிஞ்சுக்குப் பக்கத்திலேயே கொழுந்துகள் நீள நீளமாகக் கிளம்பின. இரண்டும் ஒரே சாப்பாட்டுக்குப் போட்டி போட்டால் பிஞ்சுதான் தோற்கும். இப்போது பூ விட்டதிலிருந்து காய் கோலிக்குண்டு அளவாகும் வரை புண்ணாக்கு கிடையாது. தண்ணீரையும் உரத்தையும் சேர்த்தே மாற்றிவிட்டதால், எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உதிர்வு இப்போதும் உண்டு. இத்தனை பூவும் காயானால் கிளை முறிந்துவிடும், மரமே பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறது. நூல் கட்டிய கிளைகளில் ஆவணிப் பூப்பில் நின்றவை 7. முன்பு ஒன்றுகூட நின்றதில்லை. பெரிய டிரம்முக்கு மாற்ற வேண்டும். காய் பறித்த பிறகுதான் அதில் கை வைப்பேன்.