மச்சாளின் விரல்கள்: ஒரு மாரிக்கால நாட்குறிப்பு

டிசம்பர் 6, கல்லடி

விடிய விடிய மழை. மச்சாள் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மூன்று விரல்கள் நுனியிலிருந்து வெளேரென்று வெளுத்தன. வெள்ளை முடிகிற இடம் கோடு போட்டதுபோலத் தெளிவாக இருந்தது. பிறகு நீலம். சுடுதண்ணீர்ப் போத்தலைப் பிடித்ததும் சிவந்து விண்விண்ணென்று வலித்ததாம்.

குளிருக்குச் சிறு நாடிகள் சுருங்கினால் இரத்தம் போகாமல் விரல் வெளுக்கும். தேங்கிய இரத்தத்தில் ஒட்சிசன் தீர்ந்தால் நீலம். நாடி திறந்ததும் சிவப்பு. இதற்கு ரேனோ என்று பெயர்.

"மாமி, எனக்கும் இப்படித்தானே, இது பரம்பரைதான்" என்றாள் மச்சாளின் மகள் என்னிடம். அவளுக்கு 17 வயது.

டிசம்பர் 8

தாதி வேலை பார்க்கிற எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. மகளுக்கு இரண்டு கைகளிலும் ஒரேமாதிரி, வலியில்லை, பூப்பெய்திய காலத்திலிருந்தே வருகிறது. இளம் பெண்களுக்கு வரும் சாதாரண வகை அப்படித்தான் இருக்கும். மச்சாளுக்கோ 44 வயதில், போன வருசம்தான் தொடங்கியது. பெருவிரலும் வெளுக்கிறது. சுட்டுவிரல் நுனியில் ஆறாத சின்னப் புண். தாலிக்கொடியோடு வாங்கிய மோதிரம் இப்போது கழற்ற வராது, விரல்கள் பொதுமிப்போயிருக்கின்றன. நெஞ்செரிச்சலும் உண்டாம், அதை "காஸ்ட்ரிக்" என்று ஒதுக்கிவிட்டார்.

டிசம்பர் 13

வாத நோய் கிளினிக். டொக்டர் மணிக்கட்டு நாடிகளைப் பிடித்துப் பார்த்தார். ஒரு கையில் மட்டும் வந்தாலோ, புகைப்பவருக்கு வந்தாலோ பெரிய நாடி அடைப்பைத்தான் முதலில் தேட வேண்டுமாம். பிறகு நகம் தொடங்கும் தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தோல் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மகளின் விரலில் மயிர்த்துளைக் குழாய்கள் கொண்டை ஊசிகளாய் வரிசையாக நின்றன. மச்சாளுக்குச் சில குழாய்கள் வீங்கிப் பருத்திருந்தன, நடுவே குழாயே இல்லாத வெற்றிடங்கள். அந்த வெற்றிடம்தான் என்னைப் பயமுறுத்தியது.

டிசம்பர் 27

சொந்த உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடும் ஏ.என்.ஏ. இரத்தச் சோதனை பொசிட்டிவ். அது சுகதேகிகளுக்கும் வரலாம், அது மட்டும் நோயில்லை. ஆனால் பொதுமிய விரல், புண், நகவேர்க் குழாய்கள் எல்லாம் சேர்ந்ததால் ஸ்கிளிரோடெர்மாவின் தொடக்கம் என்கிறார் டொக்டர். தோலைத் தடித்து இறுகச் செய்யும், ஆனால் தோலோடு நிற்காத நோய். நுரையீரல் சோதனையும் இதய ஸ்கேனும் எழுதியிருக்கிறார்.

நாடிகளை விரிக்கிற நிஃபெடிபின் தொடங்கியாயிற்று. தலையிடி, கால் வீக்கம் வந்தால் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் மூட்டு வலிக்குக் கொடுக்கப்பார்த்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் வேண்டவே வேண்டாம். இந்த நோயில் அதிக அளவு ஸ்டீரொயிட் சிறுநீரகத்தைத் திடீரென்று தாக்கலாம், அப்போது பெரும்பாலும் பிரஷர் ஏறும். அதனால் பிரஷரை வீட்டிலேயே பார்த்துக் குறிக்கிறேன். விரல் நுனி கறுத்தாலோ நீலம் மாறாமல் வலித்தாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்.

மகளுக்கு மருந்தில்லை, கையுறை போதும். இனி ஐஸ் பெட்டி அண்ணனின் வேலை.