ஒரு மனை, மூன்று அளவு: பிளான் அப்ரூவலுக்கு நாங்கள் எழுதிய கவரிங் லெட்டர்

வீடு கட்ட அனுமதி கேட்கும்போது வைக்கிற கவரிங் லெட்டர் பெரும்பாலும் இரண்டு வரிதான். ‘மேற்படி மனையில் வீடு கட்ட உத்தேசித்துள்ளேன், வரைபடமும் ஆவணங்களும் இணைத்துள்ளேன், அனுமதி வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே அளவு, ஒரே எண் இருந்தால் அது தாராளமாகப் போதும். எங்கள் காகிதங்களில் மூன்றுமே வேறு வேறாக இருந்தன.

மனை சேலம் அம்மாபேட்டைப் பக்கம். அப்பா 1984-ல் கிரயம் வாங்கியது. பிறகு அம்மா பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிட்டார். அதில் ஒரு ஓட்டு வீடும் அதோடு சேர்ந்த தறிக்கூடமும் இருந்தன. தறி ஓடி வருஷங்கள் ஆகிவிட்டன. அதையெல்லாம் எடுத்துவிட்டு தரைத்தளம், முதல் மாடி, அதற்கு மேல் பாதி மாடி என்று கட்டலாம் என்று முடிவு செய்தோம். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் போட்டால் உடனே அனுமதி கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தத் திட்டம் தொடங்கியபோது 2,500 சதுர அடிக்குள்ளான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் மாடியும் கட்டுவோருக்கானது. எங்களுக்கு மேலே அந்தப் பாதி மாடி இருந்ததால் வழக்கமான வழியிலேயே போனோம். ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மனைக்கு, எல்லாம் சரி என்று நாமே சான்று கொடுப்பதைவிட ஒருவர் பார்த்து அனுமதி தருவது எனக்கு நிம்மதியாகப் பட்டது.

விண்ணப்பம் ஆன்லைனில்தான், onlineppa.tn.gov.in தளத்தில். நாங்கள் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் மூலம் போட்டோம். எங்கள் பொறியாளர் வயதில் என்னைவிடச் சிறியவர், ஆனால் நிறைய ஃபைல் பார்த்தவர். காகிதங்களைப் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, இதை அப்படியே ஏத்தினா ஒவ்வொண்ணா கேள்வி வரும். அளவுக்கு ஒரு தடவை, பேருக்கு ஒரு தடவை. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாமளே லெட்டர்ல எழுதிடலாங்க” என்றார்.

முதல் சிக்கல் அளவு. கிரயப் பத்திரத்தில் 30 அடிக்கு 60 அடி, 1,800 சதுர அடி. மீட்டர் கணக்கில் சுமார் 167.2 சதுர மீட்டர். நகர நில அளவைப் பதிவேட்டில், அதாவது டி.எஸ்.எல்.ஆர். நகலில், 163.5 சதுர மீட்டர் என்று இருக்கிறது. நாங்கள் டேப் பிடித்து அளந்தபோது நான்கு பக்கமும் நான்கு அளவு வந்தது. வடக்கே 29 அடி 9 அங்குலம், தெற்கே 29 அடி 7 அங்குலம். கிழக்கே சரியாக 60 அடி, மேற்கே இரண்டு அங்குலம் குறைவு. கூட்டிக் கழித்தால் சுமார் 165 சதுர மீட்டர். அந்தக் காலத்தில் அடிக்கணக்கில் முழு எண்ணாகப் பத்திரம் எழுதுவார்கள், பிறகு சர்வே வந்து மீட்டரில் அளக்கும். நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருப்பார். பழைய மனைகளில் இது சகஜம்.

இதில் எந்த அளவை வைத்து வரைபடம் போடுவது? பத்திர அளவை வைத்துப் போட்டால் கட்டடம் கொஞ்சம் பெரிதாக வரும், வீட்டில் எல்லோருக்கும் அதுதான் ஆசை. பொறியாளர் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றில் எது சிறியதோ அதை எடுக்க வேண்டும், அப்போதுதான் எந்தக் காகிதத்தை வைத்துப் பார்த்தாலும் கணக்கு நிற்கும் என்றார். எங்களுக்குச் சிறியது டி.எஸ்.எல்.ஆர். அளவு. அந்த ஸ்கெட்சில் அகலம் 9 மீட்டர், நீளம் 18.17 மீட்டர். கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடமான செட்பேக், கட்டட அளவு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடக்கி வரைந்தார். மூன்று தளமும் சேர்த்து 244 சதுர மீட்டர். அதை 163.5-ஆல் வகுத்தால் தளப்பரப்புக் குறியீடு 1.49. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி எங்கள் மாதிரி சாதாரண வீட்டுக்கு 2 வரை போகலாம். ஆக எந்தப் பக்கம் பார்த்தாலும் இடம் இருந்தது.

கடிதத்தில் அந்தப் பத்தி இப்படி வந்தது:

“மனையின் பரப்பு கிரய ஆவணப்படி 167.2 ச.மீ., நகர நில அளவைப் பதிவேட்டின்படி 163.5 ச.மீ., தல அளவீட்டின்படி 165.1 ச.மீ. ஆகும். இவற்றுள் குறைந்த அளவான 163.5 ச.மீ. மட்டுமே வரைபடத்திலும் தளப்பரப்புக் கணக்கீட்டிலும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. கூடுதல் பரப்புக்கு இவ்விண்ணப்பத்தில் உரிமை ஏதும் கோரப்படவில்லை.”

கடைசி வாக்கியம் பொறியாளர் சேர்த்தது. அம்மாவுக்கு அதைப் படித்ததும் பயம். “ஏன் கண்ணு, மிச்ச இடத்தை விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடாதா?” என்று கேட்டார். ‘இவ்விண்ணப்பத்தில்’ என்ற சொல் இருப்பதால் அனுமதிக் கணக்கோடு அது நின்றுவிடும், பத்திரத்தில் உள்ள உரிமை எங்கும் போகாது என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது, எண். பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே எண். இப்போது எல்லாம் வார்டு, பிளாக், டி.எஸ். எனப்படும் நகர நில அளவை எண். பழைய எண்தான் இந்த டி.எஸ். எண் ஆனது என்பதை யாராவது காட்ட வேண்டுமல்லவா? பதிவேட்டு நகலிலேயே பழைய எண் இருந்தது. அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கடிதத்தில் பக்க எண்ணோடு குறிப்பிட்டோம். இது அற்ப விஷயம் போலத் தெரியும். ஆனால் ஸ்கேன் செய்த பழைய பத்திரத்தில், மங்கிய கையெழுத்தில், யாரும் நமக்காகத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, பெயர். அம்மாவின் ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து. செட்டில்மெண்ட் பத்திரத்திலும் அதுவே. டி.எஸ்.எல்.ஆரில் மட்டும் எப்படியோ தாத்தா பெயரின் முதலெழுத்து விழுந்துவிட்டது. கல்யாணம் ஆன பெண்கள் பெயரில் சொத்து இருக்கிற வீடுகளில் இந்த இனிஷியல் தகராறு இல்லாத வீடு குறைவு. பதிவேட்டில் திருத்திக்கொண்டு வருவதுதான் முறையான வழி. அதற்கு மனு கொடுத்துவிட்டோம். அது முடியும்வரை காத்திருக்காமல், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் நோட்டரி கையொப்பத்தோடு ஒரு பிரமாணப் பத்திரம் வைத்து, திருத்த மனுவின் ஒப்புகைச் சீட்டையும் கூடவே இணைத்தோம். கடிதத்தில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொன்னோம்.

நான்காவது விஷயம் காகிதத்தில் இல்லை, தரையில் இருந்தது. எங்கள் தறிக்கூடத்தில் இருந்தது குழித்தறி. தறி போய்விட்டாலும் நெசவாளி உட்கார்ந்து கால் மிதிக்கிற குழி அப்படியே இருந்தது. கூரையைப் பிரித்ததும் மழை பெய்து கரை சரிந்து, பார்க்கிறவர்களுக்குப் புதிதாக அஸ்திவாரம் தோண்டியது போலவே இருந்தது. அனுமதிக்கு முன்னால் வேலை தொடங்குவது விதிமீறல். தல ஆய்வுக்கு வருகிறவர் அதைப் பார்த்தால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதனால் கூரை இருந்தபோது, தறிச் சட்டம் நின்றபோது எடுத்த பழைய படம் ஒன்றையும் இப்போதைய படத்தையும் கடிதத்தோடு வைத்தோம். ‘மனையின் வடமேற்கு மூலையில் உள்ள பள்ளம் பழைய கைத்தறிக் குழி, கட்டுமானப் பணி எதுவும் தொடங்கப்படவில்லை’ என்று ஒரு வரி. அதோடு, பழைய கட்டடத்தில் தறிக்கூடம் இருந்தாலும் புதிய கட்டடம் முழுவதும் குடியிருப்புக்கு மட்டுமே என்று இன்னொரு வரி. பழைய சொத்துவரி ரசீதை இணைக்கும்போது பயன்பாடு பற்றிக் கேள்வி வரும் என்பதால் அது.

மற்றபடி கடிதத்தின் வடிவம் வழக்கமானதுதான். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. பார்வையில் ஆன்லைன் விண்ணப்ப எண். கீழே இணைப்புகளின் பட்டியல். அந்தப் பட்டியலின் வரிசையும் தளத்தில் ஏற்றிய கோப்புகளின் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் பொறியாளர் மிகவும் கறாராக இருந்தார். கடிதம் ஒன்றரைப் பக்கம். அதற்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள் என்றார். அப்பா எப்போது வாங்கினார், எதற்காக எழுதிக்கொடுத்தார் என்று நான் எழுதியிருந்த கதையை எல்லாம் வெட்டிவிட்டார்.

ஆய்வுக்கு வந்த நகரமைப்பு ஆய்வாளர் கையில் கடிதத்தின் பிரிண்ட் இருந்தது. குழி அருகில் நின்று படத்தையும் தரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இதானுங்களா அந்தத் தறிக்குழி?” என்று கேட்டுவிட்டு அடுத்த மூலைக்குப் போய்விட்டார். டேப் பிடித்து அகலத்தை மட்டும் சரிபார்த்தார்.

கடிதம் எல்லாக் கேள்வியையும் அடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒன்று வந்தது. பத்திரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லும் சக்குபந்தியில் தெற்கே 20 அடி ரோடு, அதாவது 6.1 மீட்டர். வரைபடத்தில் நாங்கள் காட்டியது 5.8 மீட்டர். ஏன் வித்தியாசம்? எதிர்வரிசையில் இரண்டு வீட்டின் படிக்கட்டும் சாய்தளமும் ரோட்டுக்குள் வந்திருக்கின்றன, அதுதான் காரணம். ஆனால் அதை எழுதினால் அக்கம்பக்கத்தில் புகார் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எங்கள் மனைக்கு நேரே மூன்று இடத்தில் அளந்து, அதில் குறைந்த அகலத்தைக் காட்டியிருக்கிறோம், முன்பக்க செட்பேக் எங்கள் மனை எல்லையிலிருந்து உள்ளே விடப்பட்டிருக்கிறது, ரோட்டு அகலம் 6.1 என்று வைத்தாலும் 5.8 என்று வைத்தாலும் 10 மீட்டருக்குக் கீழ் என்ற ஒரே பிரிவில்தான் வருவதால் செட்பேக் மாறாது என்று பதில் கொடுத்தோம். கேள்வி அதோடு முடிந்தது. கட்டணங்களுக்கான தொகை வந்தது, ஆன்லைனிலேயே கட்டினோம், அனுமதி வந்தது.

அந்தக் கடிதம் இன்னொரு இடத்திலும் வேலை செய்தது. வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர், பத்திரத்தில் 1,800 சதுர அடி, அனுமதி வரைபடத்தில் 1,760 தானே வருகிறது என்று நிறுத்தினார். கடிதத்தின் நகலை எடுத்து அந்தப் பத்தியைக் காட்டினேன். அதை மொபைலில் படம் எடுத்துக்கொண்டார். மதிப்பீட்டையும் 163.5-க்கே போட்டார். கடன் தொகை கொஞ்சம் குறைந்தது, அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.