9-க்கு அப்புறம் 10: கடிகாரத்தின் நொடிப் பகுதியைக் கட்டியது

டிஜிட்டல் கடிகாரத்தின் நொடிப் பகுதிக்கு இரண்டு 7490 ஐசி எடுத்துக்கொண்டேன். ஒன்று 0 முதல் 9 வரை எண்ணும் ஒன்றாம் இலக்கம், மற்றது 0 முதல் 5 வரை எண்ணும் பத்தாம் இலக்கம்.

இந்த ஐசியில் மின்சாரம் 5ஆம் பின்னுக்கு, கிரவுண்ட் 10ஆம் பின்னுக்கு. மூலையில் இருக்கும் என்று கை பழக்கத்தில் போகும், கவனம். 12ஆம் பின்னை 1ஆம் பின்னோடு இணைத்து, 14ஆம் பின்னில் துடிப்பு கொடுத்தால் 0 முதல் 9 வரை எண்ணும். ரீசெட் பின்களான 2, 3, 6, 7 நான்கையும் கிரவுண்டில் கட்ட வேண்டும். இந்த வகை ஐசியில் எங்கும் இணைக்காத பின் 1 என்றே படிக்கப்படும். 6, 7 இரண்டும் அந்தரத்தில் நின்றால் எண் 9-லேயே உறைந்துவிடும்.

பத்தாம் இலக்கத்தில் 6, 7 மட்டும் கிரவுண்டுக்குப் போகும். 6 என்பது இரும எண்ணில் 0110. அதனால் 2-க்கான வெளியீட்டை (பின் 9) 2ஆம் பின்னுக்கும், 4-க்கான வெளியீட்டை (பின் 8) 3ஆம் பின்னுக்கும் இழுத்தேன். இரண்டும் 1 ஆனதும் ஐசி தானாகவே 0 ஆகிவிடும். ஆக, 6 ஒரு கணம் வரத்தான் செய்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய கணம்.

இனி கேரி, அதாவது அடுத்த இலக்கத்தை ஏற்றும் துடிப்பு. ஒன்றாம் இலக்கத்தின் 11ஆம் பின், அதாவது 8-க்கான வெளியீடு, 8-லும் 9-லும் மட்டும் உயர்ந்திருக்கும். 9 முடிந்து 0 வரும்போது விழும். 7490 துடிப்பு விழும்போதுதான் எண்ணும். ஆகவே அந்த ஒரு கம்பி நேராக அடுத்த ஐசியின் 14ஆம் பின்னுக்குப் போதும், வேறு கேட் தேவையில்லை.

நண்பர் இதையே சிடி4518-இல் செய்தார். அவருடைய பலகையில் 07-க்குப் பிறகு 18, 19, 10 என்று வந்தது. அந்த ஐசியின் கிளாக் பின் துடிப்பு எழும்போது எண்ணுவதால், 8 வந்ததுமே பத்தாம் இலக்கம் ஏறிவிட்டது. கேரியை எனேபிள் பின்னுக்கு மாற்றி, கிளாக் பின்னைக் கிரவுண்டில் கட்டியதும் சரியாகிவிட்டது.

சோதிக்க நொடிக்கு ஒரு துடிப்பு வைத்துக்கொண்டு காத்திருப்பது அலுப்பு. 555-ஐ நொடிக்கு 10 துடிப்பாக அமைத்தேன். ஒரு 'நிமிடம்' 6 நொடியில் ஓடியது. பொத்தானை அமுக்கிச் சோதிக்கப் பார்க்காதீர்கள், தொடுமுனை அதிர்ந்து ஒரு அழுத்தத்துக்கு மூன்று நான்கு எண்ணும்.

நிமிடத்துக்கான கேரியையும் அதே 11ஆம் பின்னிலிருந்து எடுக்கத் தோன்றும். ஆனால் பத்தாம் இலக்கம் 8-ஐத் தொடுவதே இல்லையே, அந்தப் பின் எப்போதும் 0தான். எடுக்க வேண்டியது 8ஆம் பின். அதில் ஒரு எல்இடி வைத்துப் பார்த்தேன்: 40-இல் எரிந்து, 59 வரை நின்று, 00-இல் அணைந்தது. அணையும் அந்த வீழ்ச்சிதான் நிமிடத்தை ஏற்றும் துடிப்பு.